ஸ்டார்ட்அப் அறிக்கையில் சிஏசியும் சர்னும்: பணம் போடுமுன் வீட்டில் கேட்கும் கேள்விகள்

ஸ்டார்ட்அப்களின் கணக்குகளைப் பார்ப்பது என் வேலை. அதனால் சொந்தத்தில் யாருக்காவது முதலீட்டு அழைப்பு வந்தால், அதோடு வரும் நிறுவன அறிக்கை என் கைக்கும் வந்துவிடும். கூடவே வரும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றே. சித்தப்பாவுக்குச் சொன்னதையே அத்தைக்கும் மச்சானுக்கும் சொல்ல வேண்டியிருக்கிறது. எனவே அவர்கள் கேட்டபடியே கேள்விகளைத் தொகுத்து வைத்திருக்கிறேன். மேலிருந்து கீழாகப் படித்தால் நல்லது. பின்னால் வரும் பதில்கள் முன்னால் போட்ட கணக்கின் மேல்தான் நிற்கின்றன.

சிஏசி, சர்ன்னு ரெண்டு வார்த்தை பக்கத்துக்குப் பக்கம் வருதே, என்னப்பா அது?

புதிதாக ஒரு வாடிக்கையாளரைக் கொண்டுவர நிறுவனத்துக்கு ஆகும் செலவு சிஏசி. ஏற்கெனவே இருந்த வாடிக்கையாளர்களில் ஒரு மாதத்துக்குள் எத்தனை சதவீதம் பேர் விட்டுப்போனார்கள் என்பது சர்ன். ஓர் ஆளை என்ன விலைக்குப் பிடித்தார்கள் என்று முதலாவது சொல்கிறது. பிடித்த ஆள் எவ்வளவு காலம் இருப்பார் என்று இரண்டாவது சொல்கிறது. ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு எதுவும் முடிவு செய்ய முடியாது.

பக்கம் முழுக்க ஒரே உதாரணத்தை வைத்துக்கொள்வோம். மாதச் சந்தாவுக்கு மென்பொருள் விற்கும் ஒரு நிறுவனம். சந்தா மாதம் 200. அறிக்கையின் முதல் பக்கத்தில் மூன்று எண்கள் பெரிய எழுத்தில் இருக்கின்றன: சிஏசி 800, மாத சர்ன் 4 சதவீதம், எல்டிவி, அதாவது ஒரு வாடிக்கையாளரால் மொத்தமாக வரும் பணம், சிஏசியைப் போல் 6.25 மடங்கு. எண்கள் புரிவதற்காக நானே வைத்தவை; எந்த நாட்டுப் பணமாகவும் நினைத்துக்கொள்ளலாம்.

லாப நஷ்டக் கணக்கைப் பார்த்தா போதாதா? இது எதுக்குத் தனியா?

வளரும் ஸ்டார்ட்அப்பின் லாப நஷ்டக் கணக்கு பெரும்பாலும் நஷ்டத்தைத்தான் காட்டும். ஆளைப் பிடிக்கும் செலவு இன்றே விழுகிறது, அந்த ஆளிடமிருந்து வருமானம் மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வருகிறது. ஒரே அளவு நஷ்டம் காட்டும் இரண்டு நிறுவனங்களில் ஒன்று போட்டதை எட்டு மாதத்தில் எடுத்துவிடும், இன்னொன்று எடுக்கவே எடுக்காது. நஷ்டத் தொகையை மட்டும் பார்த்து எது எதென்று சொல்ல முடியாது. சிஏசியும் சர்னும் சேர்ந்தால் சொல்லலாம்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. இந்த இரண்டையும் இப்படித்தான் கணக்கிட வேண்டும் என்று எந்தக் கணக்கியல் தரமும் வரையறுக்கவில்லை. நிறுவனம் தன் வசதிக்கு வரையறுத்துக்கொள்ளலாம். இணையத்தில் தள்ளுபடிக் கூப்பன் விற்கும் அமெரிக்க நிறுவனமான குரூப்பான் 2011இல் பங்குச் சந்தைக்கு வர விண்ணப்பித்தபோது, புது வாடிக்கையாளர்களைப் பிடிக்க ஆன இணைய விளம்பரச் செலவையும் வேறு சில செலவுகளையும் நீக்கிவிட்டுத் தானே உருவாக்கிய ஓர் அளவுகோலைக் காட்டியது. அதன்படி 2010இல் சுமார் 6 கோடி டாலர் லாபம். வழக்கமான கணக்கின்படி அதே ஆண்டின் செயல்பாட்டு நஷ்டம் சுமார் 42 கோடி டாலர். கடுமையான விமர்சனத்துக்குப் பிறகு அந்த அளவுகோலை விண்ணப்பத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். அதனால் எண்ணைப் பார்ப்பதற்கு முன் அது எதை எதால் வகுத்து வந்தது என்று கேளுங்கள்.

சரி, 800 எப்படி வந்துச்சு?

மூன்று மாதத்தில் விளம்பரத்துக்கு 12 லட்சம் கொடுத்திருக்கிறார்கள். அதே மூன்று மாதத்தில் 1,500 பேர் புதிதாகச் சேர்ந்திருக்கிறார்கள். 12 லட்சத்தை 1,500ஆல் வகுத்தால் 800. வகுத்தலில் தவறில்லை. வகுக்க எடுத்த 12 லட்சம்தான் அரைகுறையானது.

அந்த மூன்று மாதத்தில் விற்பனை, விளம்பரக் குழுவின் சம்பளம் 6 லட்சம். அவர்கள் பயன்படுத்தும் மென்பொருள்களும் ஏஜென்சிக் கட்டணமும் 1.5 லட்சம். சேர்ந்த ஒவ்வொருவருக்கும் முதல் மாதம் இலவசம். 1,500 பேருக்கு 200 வீதம் அது 3 லட்சம். எல்லாம் சேர்த்தால் 22.5 லட்சம். ஓர் ஆளுக்கு 1,500. அறிக்கையில் இருப்பதைப் போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

சம்பளத்தை ஏன் சேர்க்கணும்? ஆள் வந்தாலும் வராட்டாலும் சம்பளம் கொடுத்துத்தானே ஆகணும்?

நிறுவனர்கள் எல்லோரும் சொல்லும் பதில் இது. அதில் பாதி நியாயம் இருக்கிறது. கணக்காளரின் சம்பளத்தையோ அலுவலக வாடகையையோ சிஏசியில் சேர்க்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. ஆனால் விற்பனைக் குழு இருப்பதே ஆள் பிடிப்பதற்குத்தான். விற்பனையை இரண்டு மடங்காக்க நினைத்தால் அந்தக் குழுவும் பெருக வேண்டும். வளர்ச்சியோடு சேர்ந்து வளரும் செலவை நிலையான செலவு என்று ஒதுக்கிவைக்க முடியாது.

நிறுவனரே நேரில் போய் விற்கும் ஆரம்பக் கட்டத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. அவர் சம்பளமே எடுக்காமல் இருப்பார். சிஏசி மிகக் குறைவாகத் தெரியும். நாளைக்கு அவர் இடத்தில் சம்பளத்துக்கு ஆள் வைக்கும்போது அந்தக் குறைந்த எண் போய்விடும்.

தானா வந்தவங்களையும் சேர்த்து வகுத்தா என்ன தப்பு? அவங்களும் வாடிக்கையாளர்தானே?

வாடிக்கையாளர்தான். ஆனால் விளம்பரம் அவர்களைக் கொண்டுவரவில்லை. நம் உதாரணத்தில் 1,500 பேரில் 600 பேர் யாரோ சொல்லிக் கேட்டோ, இணையத்தில் தேடியோ வந்தவர்கள். பணம் செலவழித்துப் பிடித்தவர்கள் 900 பேர்தான். மொத்தச் செலவையும் அந்த 900 பேர் மேல் வைத்தால் ஓர் ஆளுக்கு 2,500 ஆகிறது.

2,500தான் சரியான எண் என்று நான் சொல்லவில்லை. இலவச மாதத்தின் செலவு எல்லோருக்கும் பொதுவானது; விளம்பரத்தைப் பார்த்துவிட்டு, பிறகு நண்பரிடம் கேட்டுச் சேர்ந்தவரை எந்தப் பக்கம் வைப்பது என்பதும் தெளிவில்லை. உண்மை 1,500க்கும் 2,500க்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. இரண்டையும் தனித்தனியாகக் காட்டும் அறிக்கையை நான் நம்புவேன். கலந்து ஒரே எண்ணாகக் கொடுத்தால், தானாக வந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டு வாங்கிக்கொள்வேன்.

நாம போடுற பணத்துக்கும் அதே விலைக்கு ஆள் கிடைப்பாங்கதானே?

பெரும்பாலும் கிடைக்கமாட்டார்கள். இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்: அறிக்கை பேசுவது இதுவரை வந்த வாடிக்கையாளர்களைப் பற்றி, உங்கள் பணம் பிடிக்கப்போவது இனி வரப்போகிறவர்களை.

முந்தைய மூன்று மாதத்தில் விளம்பரச் செலவு 6 லட்சம், அதில் கிடைத்தவர்கள் 600 பேர் என்று வைத்துக்கொள்வோம், ஆளுக்கு 1,000. இந்தக் காலாண்டில் 12 லட்சத்துக்கு 900 பேர்; ஆளுக்கு 1,333. கொஞ்சம்தான் ஏறியிருக்கிறது என்று தோன்றும். கூடுதலாகப் போட்ட 6 லட்சத்தை மட்டும் பிரித்துப் பாருங்கள். அது கொண்டுவந்தது 300 பேரைத்தான்; ஆளுக்கு 2,000. பொருள் தேவைப்படுகிறவர்கள் முதல் விளம்பரத்திலேயே வந்துவிடுவார்கள். அடுத்தவர்களை வரவழைக்கக் கூடுதலாகக் கொடுக்க வேண்டும்.

சமையலுக்கான பொருள்களை அளந்து பெட்டியில் அனுப்பிய ப்ளூ ஏப்ரன் என்ற அமெரிக்க நிறுவனம் 2017 ஜூனில் பங்குச் சந்தைக்கு வந்தது. வாடிக்கையாளர் ஒருவருக்கு 94 டாலர் செலவாகிறது என்று அதன் ஆவணம் சொன்னது. நிறுவனம் தொடங்கிய நாள் முதல் 2017 மார்ச் வரை எடுத்த சராசரி அது. மலிவாக ஆள் கிடைத்த ஆரம்ப ஆண்டுகளும் அதற்குள் இருந்தன. 2017இன் முதல் காலாண்டில் சுமார் 10.36 லட்சம் வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். அந்த ஆண்டின் கடைசிக் காலாண்டில் சுமார் 7.46 லட்சம் பேர்தான். "தொடக்கம் முதல் சராசரி" என்று எங்கே பார்த்தாலும், கடைசி இரண்டு காலாண்டின் எண்ணைத் தனியாகக் கேளுங்கள்.

மாசம் 4 சதவீதம்தானே போறாங்க, நூத்துக்கு நாலு பேர். இதுல என்ன பயம்?

மாதத்துக்கு நாலு என்பது சின்ன எண்தான். ஆனால் அது மாதாமாதம் நடக்கிறது. ஆரம்பத்தில் 100 பேர் இருந்தால் ஒரு வருடம் கழித்து 61 பேர்தான் இருப்பார்கள். (4ஐ 12ஆல் பெருக்கி 48 பேர் போவார்கள் என்று சொல்வதும் தவறு, ஒவ்வொரு மாதமும் மிச்சம் இருப்பவர்களில்தான் 4 சதவீதம் போகிறது. 0.96ஐ 12 முறை பெருக்கினால் 0.61.)

8 சதவீதமாக இருந்தால் வருட முடிவில் 37 பேர். சர்ன் இரண்டு மடங்காக ஆனதும், தங்கும் சராசரிக் காலம் 25 மாதத்திலிருந்து 12.5 மாதமாகிறது. 1ஐ மாத சர்னால் வகுத்தால் அந்தக் காலம் கிடைக்கும்: 1 ÷ 0.04 = 25, 1 ÷ 0.08 = 12.5. இந்த வகுத்தலை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஒரே மாசம், ஒரே கம்பெனி. நீ 8ங்கிறே, அவங்க 4ங்கிறாங்க. யாரு சொல்றது சரி?

மாதத் தொடக்கத்தில் சந்தா கட்டிக்கொண்டிருந்தவர்கள் 4,000 பேர். அந்த மாதம் 320 பேர் விட்டுப்போனார்கள். 320ஐ 4,000ஆல் வகுத்தால் 8 சதவீதம். அறிக்கையில் அதே 320ஐ 8,000ஆல் வகுத்திருக்கிறார்கள். அந்த 8,000 எங்கிருந்து வந்தது? இலவசமாகப் பதிவு செய்துவிட்டு ஒருநாளும் பணம் கட்டாதவர்களையும் சேர்த்த மொத்தப் பதிவு எண்ணிக்கை அது. பணமே கட்டாதவர் விட்டுப்போவதாகக் கணக்கில் வரவும் மாட்டார். அதனால் சர்ன் பாதியாகத் தெரிகிறது.

இன்னும் மென்மையான வழியும் உண்டு. அந்த மாதம் புதிதாகச் சேர்ந்த 500 பேரையும் சேர்த்து 4,500ஆல் வகுப்பார்கள், 7.1 சதவீதம் வரும். மாதக் கடைசியில் சேர்ந்தவர் அந்த மாதமே விலக வாய்ப்பு குறைவு, ஆனாலும் வகுக்கும் எண்ணில் அவரும் சேர்க்கப்படுகிறார். வேகமாக வளரும் நிறுவனத்தில் இந்த வித்தியாசம் பெரிதாகும்.

மேலே இருக்கும் 320ஐயும் விசாரிக்க வேண்டும். சந்தாவை நிறுத்திவைத்தவர், கார்டு காலாவதியாகிப் பணம் வராதவர், மூன்று மாதமாக உள்ளே நுழையாதவர் ஆகியோரை எப்படி எண்ணுகிறார்கள்? அந்த மாதம் பணம் வரவில்லை என்றால் அவர் போனவர்தான் என்று நான் எடுத்துக்கொள்வேன். திரும்பி வந்தால் அப்போது சேர்த்துக்கொள்ளலாம்.

போறவங்க போகட்டும், புது ஆள் அதைவிட அதிகமா வர்றாங்களே? மொத்தம் ஏறிக்கிட்டுத்தானே இருக்கு?

ஏறுகிறது, உண்மைதான். 4,000இல் 320 பேர் போய் 500 பேர் வந்தால் 4,180. ஆனால் போகிறவர்கள் சதவீதமாகப் போகிறார்கள், வருகிறவர்கள் எண்ணிக்கையாக வருகிறார்கள். மொத்தம் பெருகப் பெருகப் போகிறவர்களின் எண்ணிக்கையும் பெருகும். 6,250 பேர் ஆகும்போது அதில் 8 சதவீதம் 500. அதாவது வருகிறவர்களும் போகிறவர்களும் சமம்; வளர்ச்சி அங்கே நின்றுவிடும். அதற்கு முன்பே வேகம் குறைய ஆரம்பித்துவிடும். இதே நிலை தொடர்ந்தால் ஒரு வருடம் கழித்து சுமார் 5,400 பேர்தான்.

மாதாந்தரப் புதிய சேர்க்கையைச் சர்னால் வகுத்தால் அந்த உச்சவரம்பு கிடைத்துவிடும். அறிக்கையில் மூன்றாம் ஆண்டுக்கு 20,000 வாடிக்கையாளர் என்று போட்டிருந்தால், அதற்கு மாதம் எத்தனை பேர் சேர வேண்டும் என்று இதே கணக்கைத் திருப்பிப் போடுங்கள்: 20,000இல் 8 சதவீதம் 1,600. இப்போது வருகிறவர்களைப் போல் மூன்று மடங்குக்கும் மேல் வந்தால்தான் அந்த எண்ணில் நிற்கவே முடியும். அவ்வளவு பேரை என்ன விலைக்குப் பிடிப்பார்கள் என்ற கேள்வி, நாம் போடும் பணத்தைப் பற்றிய பதிலுக்கே நம்மைத் திரும்பக் கொண்டுபோகிறது.

எல்டிவி 5,000, சிஏசி 800, ஆறு மடங்குக்கு மேல. மூணு மடங்கு இருந்தாலே நல்லதுன்னு எங்கேயோ படிச்சேனே?

எல்டிவி என்பது ஒரு வாடிக்கையாளர் இருக்கும் காலம் முழுக்க அவரால் வரும் பணம். அறிக்கையில் சந்தா 200ஐ 25 மாதத்தால் பெருக்கி 5,000 என்று போட்டிருக்கிறார்கள். இதில் இரண்டு ஓட்டைகள். ஒன்று, 25 மாதம் என்பது 4 சதவீத சர்னை நம்பிப் போட்டது; உண்மையில் 12.5 மாதம். இரண்டு, 200 முழுவதும் கையில் நிற்பதில்லை. சர்வர், பணம் வசூலிக்கும் கட்டணம், வாடிக்கையாளர் உதவிக்கு உட்கார்ந்திருப்பவர்கள் என்று ஆளுக்கு மாதம் 80 போகிறது. மிச்சம் 120.

120ஐ 12.5ஆல் பெருக்கினால் 1,500. நாம் கண்டுபிடித்த சிஏசியும் 1,500. ஆறே கால் மடங்கு ஒரு மடங்காகிவிட்டது. 2,500 என்று எடுத்தால் ஒன்றுக்கும் கீழே. ஒரு எண்கூடப் பொய்யாக எழுதப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். விளம்பரச் செலவு மட்டும், எல்லாப் புதியவர்களும், மொத்தப் பதிவு, முழுச் சந்தா என்று நான்கு இடங்களில் நிறுவனத்துக்குச் சாதகமான வரையறையை எடுத்திருக்கிறார்கள். நான்கும் ஒன்றோடொன்று பெருகிவிட்டன.

மூன்று மடங்கு என்பது முதலீட்டாளர்களிடையே புழங்கும் ஒரு கைக்கணக்கு. ஆராய்ச்சி, நிர்வாகம், வாடகை என்று சிஏசியில் சேராத செலவுகளுக்கும் அந்த மிச்சத்திலிருந்துதான் பணம் வர வேண்டும் என்பது அதன் காரணம். முழுச் செலவையும் மிச்சத் தொகையையும் வைத்துப் போட்ட விகிதத்துக்குத்தான் அது பொருந்தும்.

போட்ட காசு எத்தனை மாசத்துல திரும்பும்னு மட்டும் சொல்லிடு, போதும்.

எல்டிவியைவிட எனக்குப் பிடித்த கேள்வி இது. எல்டிவி எதிர்காலத்தை ஊகிக்கிறது. இது அடுத்த சில மாதங்களை மட்டும் பார்க்கிறது. சாதாரணமாக 1,500ஐ 120ஆல் வகுத்து 12.5 மாதம் என்று எழுதுவார்கள். அந்தக் கணக்கில் யாருமே விட்டுப்போவதில்லை.

விட்டுப்போகிறவர்களையும் கணக்கில் எடுத்தால்? 100 பேரைப் பிடிக்க ஒன்றரை லட்சம் செலவு. முதல் மாதம் 100 பேரும் 120 தருகிறார்கள், இரண்டாவது மாதம் 92 பேர், பிறகு 85 பேர் சொச்சம், இப்படிக் குறைந்துகொண்டே போகிறது. 12 மாதத்தில் வருவது மொத்தம் சுமார் 94,800. அதற்குப் பிறகு 37 பேர்தான் மிச்சம். கூட்டிக்கொண்டே போனால் தொகை ஒன்றரை லட்சத்தை நெருங்கும், ஆனால் தாண்டாது. அதாவது போட்ட காசு முழுதாகத் திரும்புவதே இல்லை. 12.5 மாதம் என்று அச்சிட்ட அதே நிறுவனத்துக்கு.

எட்டு சதவீதம்னா பழைய ஆளு, புது ஆளு எல்லாரும் ஒரே மாதிரியா போறாங்க?

இல்லை. இதுவரை நாம் போட்ட கணக்கின் பலவீனமும் இதுதான். 4,000 பேரில் 3,000 பேர் ஒரு வருடத்துக்கு மேலாக இருப்பவர்கள் என்று வைப்போம். அவர்களில் மாதம் 3 சதவீதம், 90 பேர் போகிறார்கள். மீதி 1,000 பேர் கடந்த சில மாதங்களில் சேர்ந்தவர்கள். அவர்களில் 230 பேர், 23 சதவீதம் போகிறார்கள். இரண்டையும் கூட்டினால் அதே 320, அதே 8 சதவீதம். ஆனால் 8 சதவீதம் என்ற வேகத்தில் யாருமே போகவில்லை.

இதற்கு இரண்டு விளக்கங்கள் இருக்கலாம். எந்த நிறுவனத்திலும் பொருந்தாதவர்கள் முதல் இரண்டு மூன்று மாதத்தில் கழன்றுகொள்வார்கள், மிஞ்சியவர்கள் நிலைத்துவிடுவார்கள். அப்படியென்றால் இன்றைய புதியவர்களும் நாளைக்கு 3 சதவீதத்துக்கு வந்துவிடுவார்கள். நிலைமை 8 சதவீதம் சொல்வதைவிட நன்றாகக்கூட இருக்கலாம். இன்னொரு விளக்கம்: ஆரம்பத்தில் வந்தவர்கள் உண்மையாகவே பொருள் தேவைப்பட்டவர்கள், இப்போது இலவச மாதத்துக்காக வருகிறவர்கள் வேறு ரகம், அவர்கள் தங்கவே மாட்டார்கள். முதல் விளக்கம் சரியென்றால் பணம் போடலாம். இரண்டாவது என்றால் உங்கள் பணம் 23 சதவீதக் கூட்டத்தைத்தான் பெருக்கும். எது உண்மை என்று சராசரி சர்ன் ஒருநாளும் சொல்லாது.

அப்போ அதை எப்படித்தான் கண்டுபிடிக்கிறது?

கோஹார்ட் அட்டவணை என்று ஒன்று கேளுங்கள். ஒரே மாதத்தில் சேர்ந்தவர்கள் ஒரு வரிசை. அவர்களில் ஒரு மாதம் கழித்து எத்தனை சதவீதம், இரண்டு மாதம் கழித்து எத்தனை என்று வலப்பக்கம் போகும். அடுத்த மாதம் சேர்ந்தவர்கள் அடுத்த வரிசை.

முதலில் ஒரு வரிசையை இடமிருந்து வலமாகப் படியுங்கள். 100, 70, 58, 52, 49, 47, 46 என்று போனால் சரிவு அடங்குகிறது. பாதிப் பேர் போனாலும் மீதிப் பேர் நிற்கிறார்கள். 100, 85, 72, 61, 52, 44, 37 என்று போனால் ஆரம்பத்தில் அழகாக இருந்தும் அடங்கவே இல்லை. ஆறாவது மாதத்தில் முதல் வரிசை முந்திவிட்டது, இடைவெளி இனி இன்னும் கூடும்.

பிறகு ஒரே நெடுக்கையை மேலிருந்து கீழாகப் படியுங்கள். இதை நிறையப் பேர் செய்வதில்லை. மூன்றாவது மாத நெடுக்கையில் பழையவர்களிலிருந்து புதியவர்கள் வரை 60, 57, 51, 44 என்று இறங்கினால், ஒவ்வொரு புதிய கூட்டமும் முந்தையதைவிட மோசம். முந்தைய பதிலின் இரண்டாவது விளக்கம்தான் உண்மை. பழைய விசுவாசிகள் நிறைய இருப்பதால் மொத்த சர்னில் இது பல மாதங்களுக்குத் தெரியாமலே இருக்கும். 44, 51, 57, 60 என்று ஏறினால் பொருள் மேம்பட்டிருக்கிறது என்று நம்பலாம். சராசரி எப்படி இருந்தாலும் அப்படிப்பட்ட நிறுவனத்தை நான் அக்கறையோடு பார்ப்பேன்.

வேற ஒரு கம்பெனி, வருஷச் சந்தா வாங்குறாங்க. சர்ன் 3 சதவீதத்துக்கும் கொஞ்சம் மேலதான். நல்லதுதானே?

வருடம் முழுவதற்கும் பணம் கட்டியவர் நடுவில் எப்படிப் போவார்? போகும் வாய்ப்பு வருடத்தில் ஒருமுறைதான் வருகிறது. 1,200 பேர் இருக்கிறார்கள், இந்த மாதம் புதுப்பிக்க வேண்டியவர்கள் 100 பேர், அதில் 40 பேர் புதுப்பிக்கவில்லை என்று வைப்போம். 40ஐ 1,200ஆல் வகுத்து 3.3 சதவீதம் என்பார்கள். உண்மையில் கேட்கப்பட்ட 100 பேரில் 40 பேர் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். புதுப்பிக்கும் தேதி வந்தவர்களை மட்டும் வைத்துப் புதுப்பித்தல் விகிதத்தைக் கேளுங்கள். நிறுவனம் தொடங்கி ஒரு வருடம் ஆகவில்லை என்றால் அந்தக் கேள்விக்கு இன்னும் விடையே இல்லை, சர்ன் 0 என்று போட்டிருந்தாலும்கூட.

"நெகட்டிவ் சர்ன்"னு போட்டிருக்கு. ஆள் போறதே மைனஸ்ல எப்படிப் போகும்?

அது ஆள் கணக்கு இல்லை, பணக் கணக்கு. போனவர்களால் மாத வருமானத்தில் 5 குறைந்து, இருப்பவர்கள் பெரிய திட்டத்துக்கு மாறியதால் 7 கூடினால், நிகரக் கணக்கில் மைனஸ் 2. நிறுவனங்களுக்கு விற்கும் மென்பொருளில் இது நிஜமாகவே நடக்கும், நல்ல அறிகுறியும்கூட.

கூடியது எங்கிருந்து வந்தது என்று மட்டும் பாருங்கள். ஒரே பெரிய வாடிக்கையாளர் இரண்டு மடங்கு வாங்கியதால் வந்தால், அவர் போகும் நாளில் எல்லாம் போகும். எல்லோருக்கும் விலை ஏற்றியதால் வந்தால் இன்னும் ஆறு மாதம் பொறுத்துப் பார்க்க வேண்டும். இழந்த வருமானத்தைத் தனியாகவும் கூடியதைத் தனியாகவும் கேட்டு வாங்குங்கள்.

சந்தாவே இல்லாத வியாபாரம்னா சர்ன் எப்படிப் பார்க்கிறது?

விட்டுப்போனேன் என்று யாரும் சொல்லிவிட்டுப் போவதில்லை. எனவே இத்தனை நாள் வாங்கவில்லை என்றால் போனவர் என்று ஒரு கெடு வைப்பார்கள். வழக்கமாக மாதம் ஒருமுறை வாங்கும் பொருளுக்கு ஒரு வருடக் கெடு வைத்திருந்தால், பதினொரு மாதமாக எட்டிப்பார்க்காதவரும் கணக்கில் உயிரோடு இருப்பார். இங்கே சர்னை விட்டுவிட்டு, முதல்முறை வாங்கியவர்களில் எத்தனை பேர் இரண்டாம் முறை வாங்கினார்கள் என்று கேட்பதே நல்லது.

ஆரம்பிச்சு நாலு மாசம்தான் ஆச்சு, நாப்பது வாடிக்கையாளர். இவங்களுக்கும் இதெல்லாம் பொருந்துமா?

பொருந்தாது. 40 பேரில் ஒருவர் போனால் 2.5 சதவீதம், மூன்று பேர் போனால் 7.5 சதவீதம். ஒரு மாதத்தில் இரண்டு பேர் முன்பின்னாக இருப்பது தற்செயலாகவே நடக்கும். அந்த நிலையில் யாராவது எல்டிவியைத் தசமத்தோடு எழுதியிருந்தால் அதில் நேரம் செலவழிக்க வேண்டாம். வாடிக்கையாளர்களில் நாலைந்து பேரிடம் பேச அனுமதி கேளுங்கள். விட்டுப்போனவர்களில் இரண்டு பேரிடமும்.

நம்ம வீட்டுப் பையன் நடத்துற கம்பெனி. இதையெல்லாம் கேட்டா, நம்பலைன்னு நினைக்கமாட்டானா?

அவன் ஏமாற்றுகிறான் என்று வைத்துக்கொண்டு இந்தக் கேள்விகளை எழுதவில்லை. 800 என்ற எண்ணை அவனே உண்மையாக நம்பிக்கொண்டிருக்கலாம். விளம்பரத் தளம் காட்டும் எண்ணை அப்படியே எடுத்துப் போடுகிறவர்கள் நிறைய. வெளி முதலீட்டாளர் நாளைக்கு இதைவிடக் கறாராகக் கேட்பார். வீட்டில் முதலில் கேட்டால் திருத்திக்கொள்ள அவனுக்கு நேரம் கிடைக்கும்.

கேட்கும் முறை ஒன்று சொல்கிறேன். "இந்த எண் சரியா?" என்று கேட்காதீர்கள். "இதுல எதெல்லாம் சேர்த்திருக்கே, எதெல்லாம் சேர்க்கலே?" என்று கேளுங்கள். தன் தொழிலைத் தெரிந்தவன் ஆர்வமாகவே விளக்குவான். கோஹார்ட் அட்டவணை அவனிடம் இல்லை என்பது குற்றமல்ல. கேட்ட பிறகும் இரண்டு வாரத்தில் தயாரிக்க முடியவில்லை என்றால், யார் எப்போது பணம் கட்டினார்கள் என்ற பதிவே ஒழுங்காக இல்லை என்று அர்த்தம்.

இவ்வளவு கேட்க எனக்குத் தெரியாது. ஒரே ஒரு ஃபைல் வாங்கணும்னா எதை வாங்கட்டும்?

பணம் வரவுப் பட்டியலை வாங்குங்கள். பெயர், தொலைபேசி எண் எதுவும் வேண்டாம். மற்றவர்களின் விவரத்தை நாம் வாங்கவும் கூடாது. நான்கு நெடுக்கைகள் போதும்: வாடிக்கையாளருக்கு ஓர் அடையாள எண், அவர் சேர்ந்த தேதி, பணம் கட்டிய ஒவ்வொரு தேதி, கட்டிய தொகை. முடிந்தால் ஐந்தாவதாக, அவர் விளம்பரம் மூலம் வந்தாரா தானாக வந்தாரா என்பது. சர்ன், கோஹார்ட், புதுப்பித்தல், இரண்டாம் முறை வாங்குதல் எல்லாவற்றையும் இதிலிருந்தே போட்டுவிடலாம், நிறுவனத்தின் வரையறை எதுவும் தேவையில்லை.

கூடவே விற்பனை, விளம்பரம், அந்தக் குழுவின் சம்பளம் ஆகியவற்றின் மாதவாரிச் செலவு ஒரு தாளில் இருந்தால் சிஏசியும் கிடைத்துவிடும். ஏதாவது ஒரு மாதத்தை நீங்களே தேர்ந்தெடுத்து, அந்த மாத வரவின் கூட்டுத்தொகையை வங்கிக் கணக்கு அறிக்கையோடு ஒப்பிடச் சொல்லுங்கள். வசூல் கட்டணம் கழிந்து, சில நாள் தாமதத்தோடு பணம் வருவதால் கொஞ்சம் வித்தியாசம் இருக்கத்தான் செய்யும். அதைவிடப் பெரிய வித்தியாசம் இருந்தால், சிஏசி, சர்ன் பேச்சை அங்கேயே நிறுத்திவிட்டு முதலில் அதற்கு விளக்கம் கேளுங்கள்.